காச்சா கேம்ல காசு போடலாமா? பாதியில நிறுத்தினா என்ன மிஞ்சும்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க

சுங்கை சிப்புட்ல எங்க பக்கத்து பசங்க யார் கைப்பேசிய பாத்தாலும் ரெண்டு காச்சா கேம்ல ஒன்னு இருக்கும், காச்சான்னா காசு கொடுத்து குலுக்கல் மாதிரி இழுத்து கேரக்டர் எடுக்கற கேம், ஒன்னு கென்ஷின் இம்பேக்ட், இன்னொன்னு போன வருஷத்துல இருந்து உமா முசுமே. செம்பனை மில்லுல ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்க, பாசார் மாலாம்ல கடை போடறவங்க, எஸ்பிஎம் முடிச்சிட்டு ரிசல்ட்டுக்கு காத்திருக்கற பிள்ளைங்க, எல்லாரும் கேக்கற கேள்வி ஒன்னுதான்: "அண்ணே இந்த கேம்ல காசு போட்டா கேரக்டர் கெடைக்குமா?" கேட்டுட்டு உடனே ரேட்ட காட்டுவாங்க, இதுல 0.6 பெர்சென்ட் அதுல 0.75 பெர்சென்ட், அப்ப 0.75 தான நல்லதுன்னு. அந்த ரெண்டு நம்பர மட்டும் வெச்சுக்கிட்டு முடிவு பண்ணாதீங்க. நான் முதல்ல கேக்கறது வேற: உங்க காசு பாதியில தீந்து போச்சுன்னா இதுவரைக்கும் இழுத்ததுல என்ன மிஞ்சும்? இந்த ஒரு விஷயத்துலதான் ரெண்டு கேமும் ரொம்ப வேறுபடுது, காசு போடலாமா வேணாமாங்கற முடிவும் அதுல இருந்துதான் வருது.

முதல்ல ரேட்ட பத்தி ஒரு விஷயத்த தெளிவா வெச்சுக்குவோம், இத சரியா புரிஞ்சுக்காமதான் நெறைய பேர் டாப் அப் பண்ணிட்டு இருக்காங்க. கென்ஷின்ல ரொம்ப அரிதான அஞ்சு ஸ்டார் கேரக்டர் விழற அடிப்படை ரேட் 0.6 பெர்சென்ட். ஒரு இழுப்புக்கு 0.6ன்னா 167 இழுப்புக்கு ஒன்னுன்னு கணக்கு வரும், அதனால 167 இழுத்தா கண்டிப்பா ஒன்னு வந்துடும்னு நெனைக்கறாங்க, வராது. வெறும் ரேட் மட்டும் இருந்து வேற எந்த பாதுகாப்பும் இல்லன்னா, 167 தடவ இழுத்த நூறு பேர்ல 36, 37 பேருக்கு ஒன்னுமே வந்திருக்காது. நாலு நம்பர் எடுக்கறவங்களுக்கு இது நல்லா தெரியும், போன வாரம் அடிக்கலங்கறதுக்காக இந்த வாரம் உங்க நம்பர் சீக்கிரம் வர்றதில்ல, ஒவ்வொரு குலுக்கலும் புதுசு. காச்சாவும் அடிப்படையில அப்படித்தான், போன இழுப்புல ஒன்னும் கெடைக்கலங்கறத அடுத்த இழுப்பு ஞாபகம் வெச்சுக்காது. அத ஞாபகம் வெச்சுக்கறதுக்குன்னே தனியா கேம் உள்ள போட்ட கணக்குதான் பிட்டி. எந்த கேம்லயாவது ரேட் மட்டும் போட்டுட்டு பிட்டி பத்தி ஒரு வரி கூட இல்லன்னா அந்த கேமுக்கு என் பதில் ஒரு காசு கூட போடாதீங்க, அதுக்கு மேல அதுல பேச ஒன்னும் இல்ல.

பேனர்னா குறிப்பிட்ட ஆளுங்கள படம் போட்டு சில நாளைக்கு நடத்தற குலுக்கல், அது முடிஞ்சா அடுத்தது வரும். பிட்டியில ரெண்டு குடும்பம் இருக்கு. ஒன்னு எண்ணிக்கை சேந்துகிட்டே வந்து அடுத்த பேனருக்கும் கூடவே வர்ற வகை, கென்ஷின் அந்த மாதிரி. இன்னொன்னு அந்த பேனருக்குள்ளயே குறிப்பிட்ட அளவு இழுத்தா நமக்கு வேண்டியத நாமளே எடுத்துக்கலாம், ஆனா பேனர் முடிஞ்சா எண்ணிக்கை பூஜ்யம். இத ஸ்பார்க்னு சொல்லுவாங்க, 2016ல கிரான்ப்ளூ ஃபேன்டஸில 300 இழுப்புக்கு ஒன்னுன்னு வந்ததுல இருந்து நெறைய கேம் இதையே எடுத்துக்கிச்சு. உமா முசுமேல அது 200.

கென்ஷின் கணக்க பாப்போம். 90வது இழுப்புக்குள்ள ஒரு அஞ்சு ஸ்டார் உறுதி. பிட்டியையும் சேத்து பாத்தா மொத்த ரேட் 1.6 பெர்சென்ட்னு கேமே எழுதியிருக்கு, அதாவது சராசரியா 62, 63 இழுப்புக்கு ஒரு அஞ்சு ஸ்டார். ஆனா 0.6 எப்படி 1.6 ஆகுது? அங்கதான் விஷயம் இருக்கு. கம்பெனி வெளிப்படையா எழுதாத ஒன்ன ஆட்டக்காரங்க லட்சக்கணக்கான இழுப்ப சேத்து வெச்சு கண்டுபிடிச்சாங்க: 73வது இழுப்பு வரைக்கும் ரேட் 0.6லயே நிக்குது, 74ல இருந்து ஒவ்வொரு இழுப்புக்கும் சுமார் 6 பெர்சென்ட் ஏறிகிட்டே போகுது. 74ல 6.6, 75ல 12.6, 76ல 18.6, இப்படி. இத சாஃப்ட் பிட்டின்னு சொல்றாங்க. இந்த கணக்குப்படி பாத்தா நூறு பேர்ல 64 பேரு 73 இழுப்பு வரைக்கும் ஒன்னுமே இல்லாம வந்து நிப்பாங்க, ஆனா 80வது இழுப்பு முடியறப்போ ஒன்னும் கெடைக்காம நிக்கறவங்க வெறும் 8 பேருதான். 74க்கும் 80க்கும் நடுவுல உள்ள ஏழு இழுப்புலதான் பாதிக்கு மேல ஆளுங்களுக்கு கேரக்டர் விழுது. அப்ப முதல் 70 இழுப்புக்கு நீங்க கொடுக்கற காசுக்கும் அந்த கடைசி ஏழு இழுப்புக்கு கொடுக்கற காசுக்கும் விலை ஒன்னுதான், மதிப்பு ஒன்னு இல்ல. காசு போடற முடிவுக்கு இத விட முக்கியமான தகவல் வேற கெடையாது.

இதுக்கு மேல இன்னொரு தடை இருக்கு, ஃபிப்டி-ஃபிப்டி. அஞ்சு ஸ்டார் விழுந்தாலும் அது பேனர்ல படம் போட்டிருக்கற ஆளா இருக்கறதுக்கு பாதி வாய்ப்புதான், தோத்தா கீகீ மாதிரி எப்பவும் இருக்கற ஆளு யாராவது வந்து நிக்கும். 2024 ஆகஸ்ட்ல வந்த 5.0 அப்டேட்டுக்கு அப்புறம் இந்த பாதிய கொஞ்சம் ஏத்தி மொத்தத்துல 55 பெர்சென்ட்னு கம்பெனி கணக்கு சொல்லுது. தோத்துட்டீங்கன்னா அடுத்து விழற அஞ்சு ஸ்டார் கண்டிப்பா பேனர் ஆளுதான், இத கேரண்டின்னு சொல்லுவாங்க. அதனால ரொம்ப மோசமான கணக்கு 180 இழுப்பு, சராசரி 90ல இருந்து 94க்குள்ள. இந்த 90 எண்ணிக்கையும் சரி கேரண்டியும் சரி, பேனர் முடிஞ்சாலும் அழியாது, அடுத்த கேரக்டர் பேனருக்கு அப்படியே வரும். ஒரே நேரத்துல ரெண்டு கேரக்டர் பேனர் ஓடினா ரெண்டுக்கும் ஒரே எண்ணிக்கைதான். ஆனா ஆயுத பேனர் கணக்கு தனி, எப்பவும் திறந்திருக்கற ஸ்டாண்டர்ட் பேனர் கணக்கும் தனி, அங்க இழுத்தது இங்க சேராது. ஸ்டாண்டர்ட்ல 70 இழுத்து வெச்சிட்டு கேரக்டர் பேனர்ல பத்து இழுத்தா வந்துடும்னு டாப் அப் பண்ற பசங்கள நான் பாத்திருக்கேன், ரொம்ப பாவமா இருக்கும்.

இப்ப வெள்ளி கணக்கு. ஒரு இழுப்புக்கு 160 ப்ரைமோஜெம், அதுதான் கென்ஷின் உள்ள ஓடற காசு. பெரிய பேக் அமெரிக்க விலைக்கு 99.99 டாலர், போனஸ் சேத்து 8,080 கெடைக்கும், அதாவது 50 இழுப்பு. டாலர் 4 வெள்ளி 20 காசுன்னு கணக்குக்கு வெச்சுக்கிட்டா பேக் 420 வெள்ளி, ஒரு இழுப்பு 8 வெள்ளி 30 காசு. உங்க ஸ்டோர்ல வர்ற விலை வேற மாதிரி இருக்கலாம், அத எடுத்து இதே மாதிரி வகுத்து பாத்துக்கோங்க. பூஜ்யத்துல இருந்து ஆரம்பிச்சு அதிர்ஷ்டமே இல்லாம 180 வரைக்கும் போனா ஏறக்குறைய 1,500 வெள்ளி, ஒரே ஒரு கேரக்டருக்கு. 2025ல நிர்ணயிச்ச நாட்டோட குறைந்தபட்ச மாச சம்பளம் 1,700. சராசரி அதிர்ஷ்டம்னாலும் 750, 780 வெள்ளி ஆகுது. இத சொன்னா பசங்க நம்ப மாட்டாங்க, ஏன்னா கேம் உள்ள வெள்ளின்னு எங்கயும் எழுதல, முதல்ல வெள்ளிய கிரிஸ்டல் ஆக்கி, கிரிஸ்டல ப்ரைமோஜெம் ஆக்கி, ப்ரைமோஜெம்ம டிக்கெட் ஆக்கி அப்புறம்தான் இழுக்கணும், மூனு தடவ மாத்தினதுக்கு அப்புறம் ஒரு பட்டன அமுக்கறது எத்தனை வெள்ளின்னு யாருக்கும் மனசுல நிக்காது. 2025 ஜனவரில அமெரிக்காவோட வர்த்தக ஆணையம் எஃப்டிசி இந்த கேம் கம்பெனி மேல எடுத்த வழக்குல இந்த குழப்பற மாத்துமுறையும் ஒரு குற்றச்சாட்டு, கம்பெனி 2 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிச்சு, 16 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு அப்பா அம்மா சம்மதம் இல்லாம இந்த மாதிரி குலுக்கல் பெட்டி விக்கக்கூடாதுன்னும் முடிவாச்சு.

அப்ப காசே போடக்கூடாதான்னா, அப்படி சொல்ல மாட்டேன். எங்க சித்தி மகன் கணக்க எடுத்துக்காட்டா சொல்றேன், அவன் செம்பனை மில்லுல வேலை செய்யறான், சம்பளம் கைக்கு வந்ததும் பெரிய பேக் வாங்கப் போறேன்னு வந்து நின்னான். வாங்கறதுக்கு முன்ன பேனர் பக்கத்துல இருக்கற `History` பட்டன அமுக்க சொன்னேன். அதுல கடைசியா விழுந்த அஞ்சு ஸ்டார் எது, அதுக்கு அப்புறம் எத்தனை வரி இருக்குன்னு எண்ணணும், அவ்வளவுதான் வேலை. அவனுக்கு கடைசியா விழுந்தது கீகீ, அதாவது ஃபிப்டி-ஃபிப்டில தோத்திருக்கான், அப்ப கேரண்டி கையில இருக்கு, இது அவனுக்கே தெரியல. கீகீக்கு அப்புறம் 41 இழுப்பு ஆயிருக்கு. அதனால அவனுக்கு அதிகபட்சம் இன்னும் 49 இழுப்புதான் வேணும், 180 கணக்கே அவனுக்கு பொருந்தாது. கையில 3,200 ப்ரைமோஜெம், 20 இழுப்பு. பேனர் முடிய 18 நாள் இருக்கு.

பெரிய பேக் வாங்கினா 420 வெள்ளி, வேலை அன்னிக்கே முடிஞ்சிடும், அது உண்மைதான். ஆனா 4.99 டாலருக்கு மாசக் கார்டு ஒன்னு இருக்கு, நம்ம கணக்குக்கு 21 வெள்ளி, வாங்கின உடனே 300, அப்புறம் 30 நாளைக்கு தினமும் 90, மொத்தம் 3,000. ஒரு இழுப்பு 1 வெள்ளி 12 காசு ஆகுது, பெரிய பேக்க விட ஏழு மடங்கு மலிவு. 18 நாள்ல அந்த கார்டுல இருந்து 300ம் 1,620ம் சேத்து 1,920 வரும். கேம் உள்ள தினமும் தர்ற வேலைய முடிச்சா கெடைக்கற இலவச 60, 18 நாளைக்கு 1,080. கையில உள்ள 3,200ஓட சேத்தா 6,200, அதாவது 38 இழுப்பு. 41ம் 38ம் 79. சாஃப்ட் பிட்டி கணக்குப்படி 79க்குள்ள அவனுக்கு கெடைக்க 82 பெர்சென்ட் வாய்ப்பு. அதுக்கும் மேல, மூனு ஸ்டார் ஆயுதம் விழறப்போ வர்ற ஸ்டார்டஸ்ட்ட கடையில கொடுத்து மாசம் அஞ்சு டிக்கெட் வாங்கலாம், ஒன்னு 75 ஸ்டார்டஸ்ட், அவன் அத வாங்காமலே வெச்சிருந்தான். அந்த அஞ்சையும் சேத்தா 84, வாய்ப்பு 99 பெர்சென்ட்டுக்கும் மேல. 420 வெள்ளி வேலைய 21 வெள்ளி செஞ்சிடுது, 18 நாள் பொறுத்தா போதும்.

இந்த கணக்குல எனக்கு பிடிச்சது அந்த 99 இல்ல. ஒரு வேள அந்த ஒரு பெர்சென்ட்ல மாட்டி கெடைக்காம பேனர் முடிஞ்சாலும் அவனோட 84 எண்ணிக்கையும் கேரண்டியும் அடுத்த பேனர்ல இருக்கும், 21 வெள்ளியும் தண்ணில போகல. கார்டுக்கு ஒரு வில்லங்கம் மட்டும் இருக்கு, தினமும் உள்ள வந்தாதான் அந்த நாளோட 90 கெடைக்கும், வராத நாளு போச்சு, பின்னாடி கேட்டு வாங்க முடியாது. நைட் ஷிப்ட் முடிஞ்சு தூங்கிட்டு ஒரு வாரம், ரெண்டு வாரம் திறக்காதவங்களுக்கு அந்த ஏழு மடங்கு மலிவுங்கறது உண்மையில ஆறு மடங்கு, நாலு மடங்குன்னு குறைஞ்சுடும், தினமும் நம்மள உள்ள இழுக்கறதுக்குதான் அப்படி வெச்சிருக்காங்க, அது பிடிக்கலன்னா கார்டும் வேணாம்.

இப்ப உமா முசுமே பக்கம் வருவோம். அங்க கேம் காசுக்கு பேரு கேரட், ஒரு இழுப்பு 150 கேரட், பேனர் ஆளோட ரேட் 0.75 பெர்சென்ட், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு பாயிண்ட், 200 பாயிண்ட் சேந்தா நமக்கு வேண்டியத நேரா எடுத்துக்கலாம். இங்க ஃபிப்டி-ஃபிப்டி கெடையாது, சாஃப்ட் பிட்டியும் கெடையாது, முதல் இழுப்புலயும் 0.75, 199வது இழுப்புலயும் அதே 0.75. 30,000 கேரட் கையில இருந்தா கண்டிப்பா கெடைக்கும், யாரும் ஏமாத்த முடியாது. கென்ஷின்ல அதே உறுதிக்கு 180 இழுப்பு, 28,800 ப்ரைமோஜெம். எண்ணிக்கைய மட்டும் பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்னுதான், சராசரிய பாத்தாலும் உமால கெடைச்சதும் நிறுத்தினா 104 இழுப்பு, கென்ஷின்ல 90 சொச்சம், பெரிய வித்தியாசம் இல்ல.

வித்தியாசம் எங்க தெரியுதுன்னா பாதியில நிறுத்தறவங்ககிட்ட. 100 இழுப்பு இழுத்தவங்கள்ல பாதிக்கு பாதி, நூறுல 47 பேருக்கு, ஆளு கெடைச்சிருக்காது. அவங்க கையில 100 பாயிண்ட் இருக்கும், பேனர் முடியற அன்னிக்கு அது க்ளோவர்னு வேற ஒரு சில்லறை பொருளா மாறிடும், அடுத்த பேனர்ல மறுபடியும் பூஜ்யத்துல இருந்து. கென்ஷின்ல 41ல நின்னவனுக்கு அது சேமிப்பு, இங்க 100ல நின்னவங்களுக்கு அது ஒன்னும் இல்ல.

எங்க சொந்தத்துல ஒரு தங்கச்சி இத விளையாடறா, அவ நெலமைய வெச்சு பாருங்க. 9,000 கேரட் இருக்கு, 60 இழுப்பு, பேனர் முடிய அஞ்சு நாள். அந்த 60 இழுப்புல கெடைக்க 36 பெர்சென்ட் வாய்ப்பு. சரி இன்னும் 50 இழுப்புக்கு காசு போட்டா என்ன ஆகும்னு கேட்டா, 110 இழுப்புக்கு வாய்ப்பு 56 பெர்சென்ட் ஆகுது, மீதி 44 பெர்சென்ட்ல அவளோட 9,000 கேரட்டும் போகும் காசும் போகும். உறுதி வேணும்னா இன்னும் 140 இழுப்பு, 21,000 கேரட்ட அஞ்சு நாள்ல காசு கொடுத்துதான் வாங்கணும். நான் சொன்னது ரெண்டே ரெண்டு: மொத்தம் 200க்கு இருந்தா இறங்கு, இல்லன்னா 9,000த்தையும் தொடாம அடுத்த பேனருக்கு வெச்சிரு. அந்த கேரட்ட செலவு பண்ணாம வெச்சா அது எங்கயும் போகாது, பாயிண்ட்தான் போகும். அதனால ஸ்பார்க் கேம்ல சேமிக்கற இடம் இழுக்கறதுக்கு முன்னாடி, கென்ஷின் மாதிரி கேம்ல இழுத்ததுக்கு அப்புறமும் சேமிப்புதான். இந்த ஒரு வித்தியாசத்த பிடிச்சுக்கிட்டா மத்த கேம் எதுன்னாலும் அதோட `Details` பக்கத்த படிச்சு நீங்களே எந்த குடும்பம்னு சொல்லிடலாம்.

ரெண்டும் கலந்த கேமும் இருக்கு. ஆர்க்நைட்ஸ்ல ஆறு ஸ்டார் ரேட் 2 பெர்சென்ட், 50 இழுப்புக்கு வரலன்னா அதுக்கப்புறம் ஒவ்வொன்னுக்கும் 2 ஏறும், 99வது இழுப்புல உறுதி, சாதாரண பேனர்ல இந்த எண்ணிக்கை கூடவே வரும். கேக்க ரொம்ப நல்லா இருக்கு, ஆனா விழற ஆறு ஸ்டார் நீங்க கேட்ட ஆளா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, லிமிடெட் பேனர் எண்ணிக்கை மத்த பேனருக்கு வராது, அங்க உறுதி வேணும்னா 300 இழுப்பு ஸ்பார்க். அப்ப அந்த லிமிடெட் பேனர உமா மாதிரிதான் நடத்தணும், 300க்கு இல்லன்னா இறங்கக்கூடாது. ஃபேட் கிராண்ட் ஆர்டர்ல ரொம்ப வருஷம் எந்த உறுதியும் இல்லாம ஓடிச்சு, ஜப்பான்ல 2022லதான் 330 இழுப்பு உறுதி வந்தது, அதுவும் அந்த பேனருக்குள்ள மட்டும்.

ஒரு கேமுக்கு காசு போடலாமாங்கறத முடிவு பண்றப்போ இன்னொரு இடத்தையும் பாக்கணும், அது ஒரு ஆளு வந்தா போதுமா இல்ல அதே ஆளு மறுபடியும் மறுபடியும் வேணுமாங்கறது. கென்ஷின்ல ஒரு காப்பி இருந்தாலே கதை முழுக்க விளையாடலாம், மீதி ஆறு காப்பி பலம் ஏத்தத்தான், ஏழும் வேணும்னு போனா சராசரியே 630 இழுப்புக்கு மேல, மோசமா போனா 1,260. உமா முசுமேல நெலமை வேற, அங்க குதிரைப் பொண்ணுங்கள பழக்கி ஓட்டப் பந்தயத்துல விடறதுதான் ஆட்டம், குதிரைப் பொண்ணு கார்டு ஒன்னு போதும் ஆனா பழக்கறதுக்கு உதவற சப்போர்ட் கார்டுதான் ஓட்டத்த ஜெயிக்க வைக்குது, அது முழு பலத்துக்கு வர அதே கார்டு அஞ்சு காப்பி வேணும். 0.75 ரேட்டும் 200க்கு ஒன்னு ஸ்பார்க்கும் சேத்து பாத்தா 400 இழுப்புக்கு சராசரி மூனு தானா விழும், ரெண்டு ஸ்பார்க்ல எடுக்கலாம், மொத்தம் அஞ்சு. 60,000 கேரட். அதுவும் சராசரிதான், அதுக்கு மேல போறவங்க நெறைய பேரு. ஒரு காப்பி வாங்கிட்டு பலம் பத்தலன்னு ரெண்டாவது மூனாவதுன்னு போறவங்க எல்லாரும் முதல்ல ஒரு காப்பி கணக்கு போட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. போட்டி விளையாடணும்னு ஆசை இருந்தா அஞ்சு காப்பி கணக்குல இருந்து ஆரம்பிங்க, அது கட்டுப்படி ஆகலன்னா அந்த பேனர் உங்களுக்கு இல்ல, நண்பர்கிட்ட இருக்கற முழு பலக் கார்ட கடன் வாங்கி ஓட்டலாம், கேமே அதுக்கு இடம் கொடுக்குது.

எழுதியிருக்கற ரேட்ட நம்பலாமான்னு கேக்கறவங்களும் இருக்காங்க, நியாயமான கேள்வி. சைனால 2017ல இருந்து வாய்ப்ப வெளியிடணும்னு விதி, ஆப்பிள் ஸ்டோரும் அதே வருஷ கடைசில அத கட்டாயம் ஆக்கிச்சு, அதனாலதான் இன்னிக்கு எல்லா கேம்லயும் அந்த பக்கம் இருக்கு. ஆனா தென் கொரியால 2024 ஜனவரில மேப்பிள்ஸ்டோரி கேமுக்காக நெக்சான் கம்பெனிக்கு 1,160 கோடி வொன் அபராதம் போட்டாங்க, ஆயுதத்தோட பலத்த குலுக்கி மாத்தற க்யூப்ங்கற பொருள்ல வாய்ப்ப சொல்லாமலே குறைச்சதுக்கும், சில நல்ல பலன் சேந்து விழவே விழாதபடி வெச்சிட்டு அத சொல்லாம விட்டதுக்கும். அப்படி நடக்கும். நெறைய பேரு சேந்து ஒவ்வொரு இழுப்பையும் பதிவு பண்ற பழைய பெரிய கேம்ல பொய் சொன்னா சீக்கிரம் மாட்டிக்கும், நேத்து வந்த சின்ன கேம்ல அப்படி எண்ணி பாக்க ஆளே இல்ல. அதனால கேம் வந்து ஆறு மாசம் கூட ஆகலன்னா ரேட் எவ்வளவு நல்லா எழுதியிருந்தாலும் பொறுத்து பாக்கறதுதான் சரி.

கடைசியா, சித்தி மகன் இத எல்லாம் கேட்டுட்டு ஒரு நல்ல கேள்வி கேட்டான்: "அண்ணே, முதல் தடவ வாங்கினா கிரிஸ்டல் ரெண்டு மடங்குன்னு போட்டிருக்கே, அத விடலாமா?" அந்த ரெண்டு மடங்குல பெரிய பேக் 12,960 ஆகுது, 81 இழுப்பு, ஒன்னு 5 வெள்ளி 20 காசு. கார்ட விட இன்னும் நாலரை மடங்கு விலைதான். அந்த சலுகைய ஆண்டு விழா சமயத்துல திரும்ப போட்டிருக்காங்க, இன்னிக்கு விட்டா என்னைக்கும் இல்லன்னு பயப்பட வேண்டியதில்ல. அதுவும் அவனுக்கு வேண்டியது 49 இழுப்பு, கையில 20 இருக்கு. 81 இழுப்பு வாங்கினா ஆளு வந்ததுக்கு அப்புறம் 50க்கு மேல கையில மிஞ்சும், கேரண்டி இல்லாத புது எண்ணிக்கைல அத ஒரே ராத்திரில இழுத்து முடிச்சிடுவான், அவன எனக்கு தெரியும். அவன் கார்டு மட்டும் வாங்கினான், மோட்டார் டயர் மாத்தணும்னு மிச்ச காச எடுத்து வெச்சான்.